விடுப்பு முடிந்து எட்டு நாள் தாண்டினால் வேலை தானாகவே போய்விடுமா? ஓசூர் ஆலையில் தம்பிக்கு வந்த கடிதம்

துவாஸ்_செல்வம்
24 மார்ச் 2024, இரவு 9.50

நான் சிங்கப்பூரில், துவாஸில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை பார்க்கிறேன். என் தம்பி ஓசூருக்குப் பக்கத்தில் மோட்டார் உதிரிபாகம் செய்யும் ஆலையில் ஒன்பது ஆண்டுகளாக நிரந்தரத் தொழிலாளி. மார்ச் 4 முதல் 9 வரை விடுப்பு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனான். அங்கே அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. நான் இங்கே, அவன் ஒருவன்தான் அங்கே. அறுவைச் சிகிச்சை முடிந்து அம்மாவை வீட்டில் கொண்டுவந்து சேர்த்துவிட்டு 21-ஆம் தேதி வியாழக்கிழமை காலை ஷிப்டுக்குப் போயிருக்கிறான். வாசல் காவலர் உள்ளே விடவில்லை. கையில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். தேதி மார்ச் 18.

"விடுப்பு முடிந்த நாளிலிருந்து எட்டு நாள்களுக்குள் தாங்கள் திரும்பாததால், நிலையாணைகளின்படி தங்கள் பெயர் ஊழியர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது." இவ்வளவுதான் கடிதம். விசாரணை இல்லை, ஒரு கேள்வி இல்லை.

சட்டமே அப்படித்தான் என்று மனிதவள அலுவலர் சொல்கிறாராம். அது உண்மையா? உண்மை என்றால் அவனுக்கு வேறு வேலை தேடச் சொல்லிவிடுகிறேன். வீணாக அலையவிட எனக்கு மனமில்லை.

படைவீரன்_97
24 மார்ச் 2024, இரவு 10.15

நிலையாணை என்றால் தேசிய சேவையில் முகாமுக்கு முகாம் இருக்குமே, அதுவா? அனுமதியில்லாமல் வராமலிருந்தால் எங்களுக்குத் தடுப்புக்காவல். தம்பி இராணுவத் தொழிற்சாலையிலா இருக்கிறார்?

நிர்வாகக்_கோபி
24 மார்ச் 2024, இரவு 10.40

நான் இங்கே ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் ஆறு ஆண்டுகளாக இருக்கிறேன். செல்வம், மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டத்தில் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் சொல்லாமல் வராவிட்டாலே ஒப்பந்தத்தை முறித்ததாகக் கொள்ளப்படும். இந்தியாவில் எட்டு நாள் கொடுத்திருக்கிறார்கள், அது தாராளம். நிலையாணை என்பது தொழிலாளர் துறை சான்றளித்த ஆவணம். அதில் எட்டு நாள் என்று எழுதியிருந்தால் எட்டு நாள்தான். விசாரணை என்பது குற்றம் சுமத்தினால்தான். இங்கே யாரும் குற்றம் சுமத்தவில்லை. அவரே விலகியதாகக் கணக்கு.

அம்பத்தூரார்
24 மார்ச் 2024, இரவு 11.30

படைவீரன் தம்பி, இது இராணுவம் இல்லை. 1946-இல் வந்த தொழில் நிறுவன வேலை நிலையாணைகள் சட்டத்தின் கீழ், நூறோ அதற்கு மேலோ தொழிலாளர்கள் உள்ள ஆலை ஒவ்வொன்றும் தனக்கென எழுதிச் சான்று வாங்கவேண்டிய விதிகள். ஷிப்டு, விடுப்பு, எது தவறான நடத்தை, அதற்கு என்ன தண்டனை, எப்படி விசாரிப்பது எல்லாம் அதில் இருக்கும்.

நான் அம்பத்தூரில் ஓர் ஆலையில் 31 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். சங்கப் பொறுப்பில் இருந்தபோது உள்விசாரணைகளில் சக தொழிலாளிக்குத் துணையாக இருபது முறைக்கு மேல் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது யீஷூனில் மகள் வீட்டில் இருக்கிறேன். தூக்கம் வரவில்லை, இதைப் படித்ததும் இன்னும் வரவில்லை.

செல்வம், தம்பியை வேறு வேலை தேடச் சொல்லாதீர்கள். நாளைக் காலையே அவர் ஆலை வாசலுக்குப் போகவேண்டும். நாளை மறுநாளும் போகவேண்டும். உள்ளே விடாவிட்டால், "இன்ன தேதி இத்தனை மணிக்கு வேலைக்கு வந்தேன், அனுமதிக்கவில்லை" என்று அன்றே பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் எழுதவேண்டும். ராஜினாமாக் கடிதம் கொடுத்தால் கணக்கு முடித்துப் பணம் தருகிறோம் என்று கேட்பார்கள். எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது. மற்றதை நாளை எழுதுகிறேன்.

அம்பத்தூரார்
25 மார்ச் 2024, காலை 6.20

கோபி சொன்னதில் பாதி சரி. எட்டு நாள் விதி உண்மையிலேயே இருக்கிறது, மத்திய அரசின் மாதிரி நிலையாணையிலும் இருக்கிறது. ஆனால் அதை முழுதாகப் படிக்கவேண்டும். விடுப்பு முடிந்து எட்டு நாளுக்குள் திரும்பி, வரமுடியாமல் போன காரணத்தை நிர்வாகத்துக்குத் திருப்தியாக விளக்காவிட்டால் தன் பணியிடத்தின் மீதுள்ள உரிமையை இழப்பார் என்கிறது. அடுத்த வரியை நிர்வாகங்கள் படிப்பதேயில்லை: அப்படி உரிமை இழந்தவர் பத்லிப் பட்டியலில் வைக்கப்பட உரிமையுடையவர். பத்லி என்றால் வராதவருக்குப் பதிலாக அன்றன்று வேலைக்குக் கூப்பிடப்படும் ஆள். அதாவது நிரந்தர இடம் போகும், ஆலையோடு தொடர்பு போகாது. தம்பியின் கடிதம் "பெயர் நீக்கப்பட்டது" என்கிறது. அந்த ஆலையின் நிலையாணையிலும் மாதிரியில் உள்ளதுபோலவே இருந்தால், கடிதம் விதியையே தாண்டிவிட்டது.

ஆகவே முதல் வேலை, அந்த ஆலையின் சான்றளிக்கப்பட்ட நிலையாணை நகலைப் பிடிப்பது. வாயிலருகிலும் ஒவ்வொரு பிரிவிலும் பலகையில், பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் ஆங்கிலத்திலும் ஒட்டியிருக்கவேண்டும் என்பது சட்டம். உள்ளே இருக்கும் நண்பர் யாரையாவது கைப்பேசியில் படமெடுக்கச் சொல்லுங்கள். பக்கம் விடாமல்.

பெரம்பூர்_பேரன்
25 மார்ச் 2024, மதியம் 1.05

என் தாத்தா சென்னை பக்கிங்காம் கர்னாடிக் ஆலையில் நெசவுப் பிரிவில் இருந்தவர். அந்த ஆலை வழக்கைப் பற்றி எங்கள் வீட்டில் பேசிக் கேட்டு வளர்ந்தேன். வெங்கட்டையா என்ற தொழிலாளி விடுப்பு முடிந்து வரவில்லை. உடல்நலமில்லை என்று மருத்துவச் சான்றும் கொடுத்தார். எட்டு வேலை நாள் தொடர்ந்து வராதவர் வேலையை விட்டதாகக் கொள்ளப்படுவார் என்பது அந்த ஆலையின் நிலையாணை. உச்ச நீதிமன்றம் 1963-இல் நிர்வாகத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அம்பத்தூர் ஐயா இதைச் சொல்லாமல் விட்டது ஏன்? செல்வத்துக்குப் பொய்யான நம்பிக்கை கொடுக்கக்கூடாது.

அம்பத்தூரார்
25 மார்ச் 2024, மாலை 7.45

மறைக்கவில்லை, வரிசையாக வந்துகொண்டிருந்தேன். பேரன் சொன்ன தீர்ப்பு உண்மை. பல ஆண்டுகள் அதைக் காட்டித்தான் எங்களை வாயடைத்தார்கள்.

ஆனால் அதோடு கதை முடியவில்லை. 1993-இல் டி.கே. யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறு வழியில் போனது. அரியானாவில் ஓர் ஆலை. 1980 டிசம்பர் 3 முதல் எட்டு நாளுக்கு மேல் வரவில்லை, ஆகவே நிலையாணைப்படி தானாக வேலை போயிற்று என்று டிசம்பர் 12-இல் கடிதம். அவர் சொன்னது: நான் தினமும் போனேன், வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். யார் சொல்வது உண்மை என்று கண்டுபிடிக்க ஆலை ஒரு விசாரணைகூட நடத்தவில்லை. நிலையாணையில் எப்படி எழுதியிருந்தாலும், ஒருவருடைய பிழைப்பைப் பறிக்குமுன் அவருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுத்து விசாரிக்கவேண்டும் என்றது நீதிமன்றம். மீண்டும் வேலையும், பாதிப் பின்சம்பளமும் கொடுக்க உத்தரவிட்டது. வாசலில் நின்றதைத் தேதியோடு எழுதி அனுப்புங்கள் என்று நான் நேற்றிரவே அவசரப்பட்டது இதனால்தான்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. வங்கி ஊழியர்கள் சிலருடைய வழக்கில், நிர்வாகம் "இத்தனை நாளுக்குள் வந்து சேர், அல்லது காரணம் சொல்" என்று அறிவிப்பு அனுப்பியும் பதில் இல்லாதபோது, முழு விசாரணை இல்லாமலே வேலை போனதை உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. ஆகவே இப்போது கேட்கவேண்டியது இது: மார்ச் 9-க்கும் 18-க்கும் இடையில் ஆலை ஏதாவது கடிதம் அனுப்பியதா? தம்பி ஏதாவது தெரிவித்தாரா?

துவாஸ்_செல்வம்
26 மார்ச் 2024, இரவு 10.10

தம்பியிடம் பேசினேன். மார்ச் 10 ஞாயிறு இரவே மேற்பார்வையாளருக்கு வாட்ஸ்அப் அனுப்பியிருக்கிறான். அம்மாவின் எக்ஸ்ரே படமும் சேர்த்து. பதில் வரவில்லை, ஆனால் இரண்டு நீலக் கோடு விழுந்திருக்கிறது. ஆலை 14-ஆம் தேதி ஒரு பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறது. அது அவன் ஓசூரில் முன்பு குடியிருந்த வாடகை வீட்டு முகவரிக்குப் போய் "கதவு பூட்டியிருந்தது" என்று திரும்பியிருக்கிறது. புது முகவரியை அவன் ஆலையில் எழுதிக் கொடுக்கவில்லை.

நிர்வாகக்_கோபி
26 மார்ச் 2024, இரவு 10.55

அந்தக் கடைசி வரிதான் ஆபத்து. முகவரி மாற்றம் தெரிவிப்பது தொழிலாளியின் கடமை. நான் நிர்வாகத்தின் பக்கம் உட்கார்ந்திருந்தால் அதைத்தான் பிடிப்பேன்.

அம்பத்தூரார்
27 மார்ச் 2024, காலை 5.50

கோபி சொல்வது சரி, இது பலவீனம். விளக்கக் கடிதத்தில் அதை மூடி மறைக்கவேண்டாம். "முகவரி மாற்றத்தைத் தெரிவிக்காதது என் தவறு, ஆனால் என் கைப்பேசி எண் மாறவில்லை, மேற்பார்வையாளர் என் செய்தியைப் படித்திருக்கிறார்" என்று நேராக எழுதட்டும். மருத்துவமனையில் சேர்த்த தேதி, அறுவைச் சிகிச்சை தேதி, வீட்டுக்கு அனுப்பிய தேதி மூன்றுக்கும் காகிதம் இணைக்கவேண்டும். உணர்ச்சி வசனம் வேண்டாம். முக்கியமாக, "மன்னிக்கவும், இனி அனுமதியின்றி வராமல் இருக்கமாட்டேன்" என்று எழுதிவிடக்கூடாது. விசாரணையில் அந்த ஒரு வரியை ஒப்புதல் வாக்குமூலமாக வாசிப்பார்கள். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அங்மோகியோ_மீனா
27 மார்ச் 2024, மதியம் 12.30

இதைப் படிக்கும்போது எனக்கு 2021 நினைவு வருகிறது. இங்கே ஒரு மின்னணு ஆலையில் பொருத்துப் பிரிவில் இருந்தேன். உதிரிபாகக் கணக்கு குறைந்தது என்று கூப்பிட்டார்கள். பதினைந்து நிமிடம். மேலாளர் கேட்டார், நான் பதில் சொன்னேன், அடுத்த அறையில் கடிதம் தயாராக இருந்தது. கடிதத்தில் "முறையான விசாரணைக்குப் பின்" என்று எழுதியிருந்தது. எந்த உதிரிபாகம், எந்த ஷிப்டு என்று கடைசிவரை சொல்லவில்லை.

சிங்கப்பூரில் இந்த நிலையாணை கிடையாதா? எது குற்றம் என்று முன்கூட்டியே எழுதி ஒட்டவேண்டும் என்ற விதி இருந்திருந்தால் எனக்கு உதவியிருக்குமா?

நிர்வாகக்_கோபி
27 மார்ச் 2024, மாலை 6.40

மீனா, இங்கே அப்படி ஒரு சட்டம் இல்லை. குற்றப் பட்டியல் நிறுவனத்தின் கையேட்டில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தவறான நடத்தைக்காக நீக்குமுன் உரிய விசாரணை வேண்டும் என்று வேலை நியமனச் சட்டம் சொல்கிறது. விசாரணைக்காக ஒரு வாரம்வரை இடைநீக்கம் செய்யலாம், குறைந்தது பாதிச் சம்பளம் கொடுக்கவேண்டும். ஆனால் விசாரணை எப்படி நடக்கவேண்டும், யார் உடனிருக்கலாம் என்று படிப்படியாகச் சட்டத்தில் வரையறுக்கவில்லை. நியாயமற்ற நீக்கம் என்றால், வேலையின் கடைசி நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் முறையிடவேண்டும். முதலில் சமரசம், பிறகுதான் உரிமைகோரல் நடுவர் மன்றம்.

அங்மோகியோ_மீனா
27 மார்ச் 2024, இரவு 8.15

முறையிட்டேன், இருபத்தாறாவது நாளில். சமரசத்தில் இரண்டு மாதச் சம்பளத்தோடு முடிந்தது. ஆனால் "திருடவில்லை" என்று எழுதித்தர மறுத்துவிட்டார்கள். பணத்தைவிட அதுதான் இன்னும் உறுத்துகிறது.

துவாஸ்_செல்வம்
6 ஏப்ரல் 2024, இரவு 9.00

பலகையின் படம் வந்துவிட்டது. பதினேழு பக்கம், தமிழில்தான் இருக்கிறது, வெயிலில் மங்கிப்போயிருக்கிறது. ஐயா சொன்ன எட்டு நாள் விதி அப்படியே இருக்கிறது, பத்லி வரியோடு. தவறான நடத்தைப் பட்டியலில் "அனுமதியின்றிப் பத்து நாள்களுக்கு மேல் வராமலிருத்தல்" என்று தனியாக ஒன்று இருக்கிறது. இதைப் பார்த்ததும் எனக்கு மறுபடி பயம் வந்துவிட்டது.

அம்பத்தூரார்
6 ஏப்ரல் 2024, இரவு 10.20

பயப்படவேண்டாம், நல்லதுதான். இரண்டும் வேறு வேறு விதி. எட்டு நாள் விதி விடுப்புப் பகுதியில் வருகிறது. பத்து நாள் விதி ஒழுங்கு நடவடிக்கைப் பகுதியில் வருகிறது. இரண்டாவதைப் பிடித்தால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்து, விசாரித்து, அதன்பிறகே தண்டனை. ஆலை முதல் விதியைப் பிடித்ததே விசாரணையைத் தவிர்க்கத்தான்.

இப்போது நாளை எண்ணுங்கள். விடுப்பு மார்ச் 9 சனியோடு முடிந்தது. வேலைக்கு வந்தது 21 வியாழன். நாட்காட்டிப்படி 10 முதல் 20 வரை பதினொரு நாள். இடையில் 10, 17 இரண்டு ஞாயிறு. அவருக்கு ஞாயிறு வாரவிடுமுறை என்றால் வேலைக்கு வராதது ஒன்பது நாள்தான். வேலையே இல்லாத நாளில் எப்படி "வராமலிருக்க" முடியும் என்பது என் வாதம்.

பெரம்பூர்_பேரன்
7 ஏப்ரல் 2024, காலை 9.10

நடுவில் வரும் விடுமுறை நாளும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். எங்கள் நிறுவனத்தில் அப்படித்தான். பக்கிங்காம் ஆலை நிலையாணையில் "வேலை நாள்" என்று தெளிவாக எழுதியிருந்தது. ஓசூரில் "நாள்" என்று மட்டும் இருக்கிறது. இரண்டும் ஒன்றாகிவிடாது.

அம்பத்தூரார்
7 ஏப்ரல் 2024, காலை 10.00

நல்ல கேள்வி. தண்டனை தரும் விதி இரண்டு விதமாகப் பொருள்படும்போது தொழிலாளிக்குச் சாதகமான பொருளை எடுக்கவேண்டும் என்று நான் வாதாடுவேன். நிர்வாகம் உங்களைப்போல வாதாடும். நிலையாணையின் பொருளில் தகராறு வந்தால் தொழிலாளர் நீதிமன்றத்திடமே கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதுவரை இதை ஒரு வாதமாக வைத்துக்கொள்ளலாம், இதை மட்டும் நம்பி உட்காரக்கூடாது.

துவாஸ்_செல்வம்
23 ஏப்ரல் 2024, இரவு 11.05

சங்கம் மூலம் தொழிலாளர் துறைச் சமரச அலுவலரிடம் மனுப் போட்டோம். நேற்று, ஏப்ரல் 22, ஆலை தன் மார்ச் 18 கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது! சந்தோஷப்பட்ட பத்தாவது நிமிடம் இன்னொரு கடிதம். இடைநீக்கம், கூடவே குற்றச்சாட்டுக் குறிப்பாணை. ஒன்று, பத்து நாளுக்கு மேல் வராதது. இரண்டு, ஏப்ரல் 5 மாலை ஆலைக்கு அருகில் தேநீர்க் கடையில் மனிதவள அலுவலரை வழிமறித்துக் கூச்சலிட்டு ஒழுங்கு குலைத்தது. மூன்று நாளில் பதில் சொல்லவேண்டுமாம்.

அவன் கத்தினானா என்று கேட்டேன். "குரல் உயர்ந்தது உண்மை, அண்ணா. கெட்ட வார்த்தை சொல்லவில்லை" என்றான்.

அம்பத்தூரார்
24 ஏப்ரல் 2024, காலை 6.00

மூன்று நாளுக்குள் ஒரு கடிதம் போகட்டும்: குற்றச்சாட்டை மறுக்கிறேன், எந்தச் சாட்சி, எந்த ஆவணம் என்று தெரிவித்தால் விரிவாகப் பதில் தருகிறேன், கூடுதல் அவகாசம் வேண்டும்.

இரண்டாவது குற்றச்சாட்டை நன்றாகப் பாருங்கள். பலகையில் இருக்கும் வாசகம் "வேலை நேரத்தில் நிறுவனத்தில் கலவரமாகவோ ஒழுங்கற்றோ நடத்தல்". கடை ஆலைக்குள்ளா இருக்கிறது? ஷிப்டு முடிந்த மாலை எப்படி வேலை நேரம்? வேலைநிறுத்தத்தின்போது வேலைக்குப் போனவர்களைப் பேருந்தில் வைத்துத் தாக்கியதாகக் கிளாக்ஸோ தொழிலாளர்கள் மேல் வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1983-இல் இதைத் தெளிவாக்கியது. அங்கே நிலையாணை "நிறுவன வளாகத்திலோ அதன் அருகிலோ" என்றது. அந்தச் சொற்களைத் தொலைதூரம்வரை இழுக்க முடியாது, பட்டியலில் இல்லாததைப் பிறகு கண்டுபிடித்துத் தண்டிக்கவும் முடியாது என்றது நீதிமன்றம். அடித்தவன் தப்பலாம் என்று அதற்குப் பொருள் இல்லை, போலீஸ் இருக்கிறது. ஆலை தண்டிக்கவேண்டுமானால் தன் எழுத்துக்குள் நிற்கவேண்டும்.

மீனா கேட்டாரே, எழுதி ஒட்டியிருந்தால் உதவியிருக்குமா என்று. இந்த இடத்தில் உதவுகிறது, அம்மா.

இன்னொன்று, இடைநீக்கக் காலத்தில் பிழைப்பூதியம். முதல் 90 நாள் சம்பளத்தில் பாதி. தமிழ்நாட்டில் 1981 முதல் இதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது: 90 நாளுக்குப் பின் 75 விழுக்காடு, 180 நாளுக்குப் பின் முழுச் சம்பளம். தாமதம் தொழிலாளியால் ஏற்படக்கூடாது. ஆகவே வாய்தா கேட்டால் அதிகாரி குறித்துக்கொள்வார் என்பதை மறக்கவேண்டாம்.

துவாஸ்_செல்வம்
21 ஜூன் 2024, இரவு 10.30

இரண்டு அமர்வு முடிந்தது. விசாரணை அதிகாரி வெளியிலிருந்து வந்த வழக்கறிஞர். ஆலைக்காக வாதாடுபவர், தேநீர்க் கடையில் வழிமறிக்கப்பட்டதாகச் சொல்லும் அதே மனிதவள அலுவலர். சாட்சியும் அவரே. இது சரியா?

அம்பத்தூரார்
22 ஜூன் 2024, காலை 5.40

வாதாடுபவர் சாட்சியாகவும் வருவது அழகில்லை, ஆனால் அதனால் மட்டும் விசாரணை கெடாது. சாட்சியே நீதிபதியாக உட்கார்ந்தால்தான் கெடும். மேற்கு வங்கத்து மீங்க்ளாஸ் தேயிலைத் தோட்ட வழக்கில் அதுதான் நடந்தது. தாக்கப்பட்டதாகச் சொன்ன மேலாளர்களே விசாரித்தார்கள், அந்த விசாரணையை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இங்கே அதிகாரி வெளியாள். ஆட்சேபத்தை நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்லிவிட்டு மேலே போகட்டும்.

மேற்பார்வையாளரின் சாட்சியம்தான் முக்கியம். குறுக்கு விசாரணையில் "என் செய்தியைப் படித்தீர்களா" என்று முதலிலேயே கேட்கக்கூடாது, இல்லை என்று சொல்லிவிடுவார். இதற்குமுன் எந்தத் தொழிலாளியாவது வாட்ஸ்அப்பில் விடுப்பு நீட்டிப்புக் கேட்டு நீங்கள் ஒப்புக்கொண்டதுண்டா என்று தொடங்கவேண்டும். பெயர், தேதி கையில் இருக்கட்டும்.

துவாஸ்_செல்வம்
10 ஜூலை 2024, இரவு 9.45

அப்படியே செய்தார்கள். சங்கத் தோழர் இரண்டு பேருடைய செய்திகளைக் காட்டினார். பிப்ரவரியில் அதே மேற்பார்வையாளர் அவர்களுக்கு "சரி" என்று பதில் போட்டிருக்கிறார். அதன்பிறகு தம்பியின் செய்தியைப் பற்றிக் கேட்டபோது, "படித்தேன், மேலே சொல்ல மறந்துவிட்டேன்" என்றாராம். அறையில் யாரும் பேசவில்லையாம். மனிதர் பொய் சொல்லவில்லை, அதற்கு அவருக்கு நன்றி.

துவாஸ்_செல்வம்
31 ஆகஸ்ட் 2024, காலை 8.20

முடிவு வந்துவிட்டது. இரண்டாவது குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. முதல் குற்றச்சாட்டு நிரூபணம், ஆனால் வேண்டுமென்றே வராமலிருந்ததாகத் தெரியவில்லை என்று அதிகாரி எழுதியிருக்கிறார். ஒன்பது ஆண்டில் ஒரு கரும்புள்ளிகூட இல்லாததால் நான்கு நாள் சம்பளமில்லா இடைநீக்கம் மட்டும் தண்டனை. நேற்றே வேலையில் சேர்ந்துவிட்டான். அம்மாவிடம் சொன்னேன், அழுதார்.

ஒரு சந்தேகம். உத்தரவின் கடைசியில் "ஏப்ரல் 22 முதல் ஆகஸ்ட் 29 வரையான இடைநீக்கக் காலத்துக்கு ஏற்கெனவே வழங்கிய பிழைப்பூதியம் தவிர வேறெதுவும் இல்லை" என்று இருக்கிறது. அவனுக்கு மாதச் சம்பளம் 24,000 ரூபாய். பிழைப்பூதியமும் கடைசிவரை பாதிதான் கொடுத்தார்கள். விட்டுவிடலாமா?

அம்பத்தூரார்
31 ஆகஸ்ட் 2024, மதியம் 2.00

மகிழ்ச்சி. ஆனால் விடக்கூடாது. மாதம் 24,000 என்றீர்கள், ஒரு நாளுக்கு 800. ஜூலை 20-ஆம் தேதியோடு 90 நாள் முடிந்தது. அதன்பின் 40 நாளுக்கு 400 அல்ல, 600 கொடுத்திருக்கவேண்டும். பாக்கி 8,000 ரூபாய்.

அம்பத்தூரார்
1 செப்டம்பர் 2024, காலை 5.15

நேற்று நான் எழுதியது போதாது, தவறு என்றே சொல்லவேண்டும். நடுராத்திரியில் பலகைப் படத்தின் பதினான்காம் பக்கத்தை மறுபடி படித்தேன். மாதிரி நிலையாணையில் உள்ள ஒரு விதிவிலக்கு அப்படியே அங்கே இருக்கிறது. விசாரணைக்காக இடைநீக்கத்தில் இருந்தவருக்குக் கடைசியில் இடைநீக்கமே தண்டனையாக விதிக்கப்பட்டால், நான்கு நாள் மட்டுமே இடைநீக்கத்தில் இருந்ததாகக் கருதவேண்டும். மிச்ச நாள்களுக்கு, வேலை செய்திருந்தால் கிடைத்திருக்கும் முழுச் சம்பளம், கொடுத்த பிழைப்பூதியத்தைக் கழித்துக்கொண்டு.

மொத்தம் 130 நாள். நான்கு போக 126. நாளுக்கு 800 வீதம் 1,00,800 ரூபாய். அவர் வாங்கியது 130 நாளுக்கு 400 வீதம் 52,000. வரவேண்டியது 48,800. நான் சொன்ன எட்டாயிரம் இதற்குள்ளேயே அடங்கிவிடும். வேலையிலிருந்து நீக்கியிருந்தால்தான் பிழைப்பூதியத்தோடு முடியும். உத்தரவு எழுதியவர் நீக்க உத்தரவுக்கு உரிய வாசகத்தை இதில் ஒட்டிவிட்டார்.

நிர்வாகக்_கோபி
1 செப்டம்பர் 2024, காலை 11.30

இந்த விதிவிலக்கு எனக்குத் தெரியாது. முதல் நாள் நான் "மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன், செல்வம். ஆனால் மார்ச் 21 முதல் ஏப்ரல் 21 வரை, வாசலில் நின்ற 32 நாள் இருக்கிறதே? அப்போது அவர் இடைநீக்கத்திலும் இல்லை, வேலையிலும் இல்லை.

அம்பத்தூரார்
1 செப்டம்பர் 2024, மாலை 6.10

கோபி, சரியான இடத்தைத் தொட்டீர்கள். மார்ச் 18 கடிதத்தைத் திரும்பப் பெற்றபின் அந்த நாள்களில் அவர் ஊழியர்தான். வேலை செய்யத் தயாராக வந்தவரை ஆலை தடுத்தது. 25,600 ரூபாய் முழுச் சம்பளம் கேட்கவேண்டும் என்பேன். வாசலில் நின்ற நாளெல்லாம் அனுப்பிய கடிதங்கள்தான் இதற்கு ஆதாரம்.

துவாஸ்_செல்வம்
17 நவம்பர் 2024, இரவு 9.30

48,800 வந்துவிட்டது, தீபாவளிக்கு முன்பே. 32 நாள் சம்பளத்தை மறுக்கிறார்கள். நான்கு முறைதான் வாசலுக்கு வந்தார், தினமும் வரவில்லை என்கிறார்கள். உண்மைதான், மற்ற நாள்களில் அம்மாவுக்காக ஊரில் இருந்தான். கடிதம் நான்குதான் இருக்கிறது. சமரச அலுவலர் முன் இன்னும் நடக்கிறது.

அம்பத்தூரார்
18 நவம்பர் 2024, காலை 6.30

ஒருமுறை தடுத்தபின் தினமும் வந்து தடுக்கப்படவேண்டும் என்று எந்த விதியும் கேட்கவில்லை. ஆனால் ஊரில் இருந்த நாள்களில் வேலைக்குத் தயாராக இருந்தார் என்று நான் எப்படிச் சொல்வேன்? பாதிக்கு ஒப்புக்கொண்டால் தவறில்லை என்று தோன்றுகிறது. சங்கத்தில் இருக்கும் இளைஞர்கள் என்னோடு உடன்படமாட்டார்கள்.

துவாஸ்_செல்வம்
14 டிசம்பர் 2025, இரவு 8.40

பழைய இழையைத் தோண்டுகிறேன். 32 நாளுக்கு 15,000 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டு முடித்துவிட்டார்கள். இப்போது வேறு கவலை. நவம்பர் 21 முதல் புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது, முந்நூறு தொழிலாளர் இருந்தால்தான் நிலையாணை என்கிறார்கள். தம்பியின் ஆலையில் நிரந்தரத் தொழிலாளர்கள் 260 பேர்தான். மிச்சம் எல்லாம் ஒப்பந்தக்காரர் மூலம் வருபவர்கள். பலகையைக் கழற்றிவிடுவார்களா?

அம்பத்தூரார்
15 டிசம்பர் 2025, காலை 6.05

வரம்பு நூறிலிருந்து முந்நூறானது உண்மை. 260-ஐ மட்டும் எண்ணுவதா, ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்ப்பதா என்பதில்தான் சண்டை வரும். வருகைப் பதிவேடும் ஒப்பந்தக்காரர் பட்டியலும் எந்த மாதத்தில் எத்தனை பேரைக் காட்டுகின்றன என்று சங்கம் இப்போதே குறித்து வைக்கட்டும். யீஷூனிலிருந்து நான் செய்யக்கூடியது, அந்தப் பதினேழு பக்கத்தையும் தெளிவாகத் தட்டச்சு செய்து அனுப்புவது. ஐந்தாம் பக்கத்தின் கடைசி நான்கு வரி படத்தில் தெரியவில்லை. பலகை இருக்கும்போதே அதை மட்டும் மறுபடி படமெடுக்கச் சொல்லுங்கள்.